டிடிஎஸ் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு எண்ணத் தெரியவில்லையாம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பொறியியல் வடிவமைப்பு நிறுவனமொன்றுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், சிறுதொழில்காரர்கள் கூடிய அவையொன்றில் பேசியிருக்கிறார். பேசியதோடு நிற்காமல் அதை நான்கு பக்கக் குறிப்பாக அச்சிட்டும் கொடுத்திருக்கிறார். சம்பளப் பட்டியலில் பெயரில்லாமல், தனியாக ஆர்டர் பிடித்து வேலை செய்தவர்களின் வருடங்களைத் தொழில்முறை அனுபவமாக எப்படி எண்ணுவது என்று தமக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பது குறிப்பின் சாரம். புரியவில்லை என்று ஒருவர் சொன்னால் விளக்கிச் சொல்வது நம் ஊர் மரியாதை. ஆனால் முதல் பக்கத்தில் புரியவில்லை என்று தொடங்கி, நான்காவது பக்கத்தில் 'ஆகவே பூஜ்யமாகக் கொள்வதே பாதுகாப்பு' என்று முடிக்கிறவருக்கு வேண்டியது விளக்கமா, எதிர்வினையா? எண்ணத் தெரியாது என்று கைவிரித்துவிட்டு விடையை மட்டும் துல்லியமாகச் சொல்கிற கணித மேதையை இப்போதுதான் பார்க்கிறேன்.

இதை வேறு எந்த ஊரில் சொல்லியிருந்தாலும் அறியாமை என்று விட்டுவிடலாம். அம்பத்தூரில் நின்றுகொண்டு சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். 1960களில் எஸ்டேட் உருவான காலத்திலிருந்து இந்த வட்டாரம் ஓடுவதே ஜாப் ஒர்க்கில்தான். பெரிய கம்பெனி தன் கூரைக்குக் கீழே செய்வது கொஞ்சம். கடைசலும் மில்லிங்கும் கிரைண்டிங்கும் ஒயர் கட்டும் முலாமும் சலான் போட்டு வெளியே போய்த் திரும்புபவை. மேனாம்பேட்டிலும் கருக்கிலும் பட்டரவாக்கத்திலும் ஒற்றை ஷெட்டில் இரண்டு மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவர் யார்? பெரும்பாலும் ஒரு காலத்தில் எஸ்டேட்டுக்குள் ஆபரேட்டராக இருந்து வெளியே வந்தவர். அவர் நண்பரின் கம்பெனிக்குச் சப்ளையராகப் பதிவு செய்யப் போனால், நீட்டப்படும் விண்ணப்பத்தின் முதல் கேள்விகளில் ஒன்று 'எத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள்' என்பது. பதினைந்து என்று எழுதினால் பதினைந்தாகவே எண்ணி, அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறார்கள். அதே மனிதர் பட்டறையை மூடிவிட்டு அதே கம்பெனியின் எச்.ஆர். மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்தப் பதினைந்து எங்கே போயிற்று? பர்ச்சேஸ் அறைக்கும் எச்.ஆர். அறைக்கும் நடுவிலுள்ள வராந்தாவில் ஆவியாகிவிட்டதா?

நண்பரின் முதல் வாதம் சரிபார்ப்பு பற்றியது. தனியாக வேலை செய்தவருக்கு பி.எஃப். கணக்கில் பதிவில்லை, ரிலீவிங் லெட்டர் இல்லை, ஆகவே அவர் சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பி.எஃப். சட்டம் 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது கட்டாயம். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் பட்டறையில் பத்து வருடம் மாதச் சம்பளம் வாங்கியவருக்கும் யூஏஎன் எண் இல்லாமல் இருக்கலாம், அதில் சட்டமீறல் ஏதுமில்லை. அவரும் பத்து வருடம் வீட்டில் படுத்திருந்தார் என்றா பொருள்? பி.எஃப். பதிவு ஒருவர் எந்த நிறுவனத்தின் பட்டியலில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தார் என்பதைச் சொல்லும். அவர் அங்கே என்ன செய்தார் என்பதைப் பற்றி அது மூச்சுவிடாது. ரிலீவிங் லெட்டரும் அப்படித்தான்: வந்தார், இருந்தார், போனார், வாழ்த்துகள்.

தனியாக வேலை செய்தவரைச் சரிபார்க்க இதைவிடக் கெட்டியான சான்று இருக்கிறது. அதைத் தயாரித்துக் கொடுப்பதே நண்பரைப் போன்றவர்களின் கம்பெனிதான் என்பது வேடிக்கை. வடிவமைப்பு வேலைக்குப் பணம் கொடுக்கும்போது கம்பெனி வரி பிடிக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் இதற்கென்று இருந்த பிரிவு 194ஜே. 2026 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்து எண்கள் மாறினாலும் ஆடிட்டர்கள் வாயில் இன்னும் இதுதான் புழங்குகிறது. ஒரு வருடத்தில் ஒருவருக்குக் கொடுப்பது 30,000 ரூபாயைத் தாண்டினால் (2025 ஏப்ரல் முதல் இது 50,000) தொழில்முறைக் கட்டணத்தில் பத்து சதவீதம் பிடித்து, அவருடைய பான் எண்ணில் கட்டி, 16ஏ சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்த வரவு அவருடைய 26ஏஎஸ் படிவத்தில் கம்பெனியின் பெயர், டான் எண், தேதி, தொகை, பிரிவு ஆகியவற்றோடு உட்கார்ந்துகொள்ளும். அதைத் திருத்த அந்த ஃப்ரீலான்ஸ்காரரால் முடியாது. லெட்டர்ஹெட்டில் அச்சடித்த அனுபவச் சான்றிதழை எந்த ஜெராக்ஸ் கடையிலும் தயாரிக்கலாம். மூன்றாவது ஆள் ஒருவர் அரசுக்குப் பணம் கட்டி உண்டாக்கிய பதிவை எங்கே போய்த் தயாரிப்பது?

அந்தப் பிரிவின் பெயரைத்தான் நண்பர் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பொறியியல் வேலைக்கு 194ஜேயில் பத்து சதவீதம் பிடிக்கும் கம்பெனி, 'இது தொழில்முறைச் சேவைக்குக் கொடுத்த கட்டணம்' என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசுக்கு எழுதிக்கொடுக்கிறது. அக்கவுண்ட்ஸ் பிரிவு தொழில்முறை என்று கையெழுத்துப் போடுகிறது, எச்.ஆர். பிரிவு தொழில்முறை என்று சொல்ல ஆதாரம் கேட்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். அரசுக்குச் சொன்னது பொய்யென்றால் அதை நண்பரே வெளியிடட்டும்.

26ஏஎஸ் எல்லாவற்றையும் காட்டிவிடாது. வரம்புக்குக் கீழே கொடுத்த சின்னத் தொகைகள் அதில் வராது. கையில் பணமாகக் கொடுத்து முடித்துக்கொள்ளும் பட்டறைகளும் வராது. வடிவமைப்பு வேலையைக் கான்ட்ராக்ட் என்று வகைப்படுத்தி 194சியில் ஒரு சதவீதம் மட்டும் பிடித்த கம்பெனிகளும் உண்டு. அதனால்தான் அதை இன்வாய்ஸ் வரிசையோடும் வங்கிக் கணக்கோடும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். இன்வாய்ஸ் எண்கள் வருடாவருடம் தொடர்ச்சியாக ஓடுகின்றனவா, ஒவ்வொன்றுக்கும் சில வாரம் கழித்துப் பணம் வந்திருக்கிறதா, வந்த தொகை இன்வாய்ஸ் தொகையில் பிடித்தம் போக மிச்சமா என்று ஒரு மாலை நேரம் செலவழித்தால் போதும். நேற்று ராத்திரி உட்கார்ந்து அடித்த இன்வாய்ஸ் கட்டுக்கு வங்கியில் ஜோடி இருக்காது. இந்த ஒரு மாலையைத்தான் நண்பர் 'வழியில்லை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்.

இரண்டாவது வாதம், தொடர்ச்சியில்லை என்பது. இன்றைக்கு ஒரு வேலை, அடுத்த மாதம் சும்மா, அப்புறம் இரண்டு வேலை சேர்ந்து வரும், இதை எப்படி வருடமாக்குவது என்று கேட்கிறார். நல்ல கேள்வி. நான்கு பக்கத்தில் இது ஒன்றுதான் கேள்வி. அதனால் இதற்கு மட்டும் முழுசாகவே பதில் சொல்லிவிடலாம்.

மேனாம்பேட்டில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணக்குப் புரிவதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ, டூல் ரூமில் மூன்று வருடம் டிசைனர், குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டார். 2021 ஜூன் முதல் 2025 மே வரை, 48 மாதம், எஸ்டேட்டின் நான்கைந்து கம்பெனிகளுக்கு ஃபிக்சர் வடிவமைத்துக் கொடுத்தார். வி.எம்.சி. மெஷினில் வார்ப்பை உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளும் சாதனம்தான் ஃபிக்சர். கையால் இறுக்கும் சாதாரண ஃபிக்சருக்கு, முதல் யோசனையிலிருந்து முப்பரிமாண மாடல், வரைபடம், பொருள் பட்டியல், கஸ்டமர் சொன்ன திருத்தம் எல்லாம் சேர்த்து 40 மணி நேரம் என்று வைப்போம். ஹைட்ராலிக் ஃபிக்சருக்கு 130 மணி. அந்த நான்கு வருடத்தில் சாதாரணம் 46, ஹைட்ராலிக் 18. முதலாவது 1,840 மணி, இரண்டாவது 2,340. இதோடு பட்டறைக்கே போய் நின்று முதல் பீஸ் ஓட்டிப் பார்த்த நாட்கள் 60, நாளுக்கு எட்டு மணி, ஆக 480. மொத்தம் 4,660 மணி.

இதை எதனால் வகுப்பது? வாரம் 40 மணி, விடுமுறை போக வருடத்துக்கு 48 வாரம் என்று வைத்தால் ஒரு முழுநேர வருடம் 1,920 மணி. வகுத்தால் 2 வருடம் 5 மாதம் வருகிறது. தொழிற்சாலைக் கண்டிப்போடு வாரம் 48 மணி, வருடம் 50 வாரம் என்று வைத்தால் இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. கனடா நாட்டின் குடியேற்றத் துறை, வாரம் 30 மணியை முழுநேரமாகக் கொண்டு 1,560 மணியை ஒரு வருட அனுபவம் என்று எண்ணுகிறது. அந்த அளவுகோலின்படி ஏறக்குறைய மூன்று வருடம். அதுவும் கனடாக்காரர்கள் ஒரு வாரத்தில் 30 மணிக்கு மேல் செய்ததைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ராப்பகலாக உழைத்து ஆறே மாதத்தில் ஒரு வருடத்தை முடிக்க முடியாது. எங்கோ பனியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா, இந்தியாவில் சுயமாக வேலை பார்த்தவர் கொண்டுவரும் மூன்றாம் தரப்புச் சான்றுகளை வைத்து மணி எண்ணி நாட்டுக்குள்ளேயே விடுகிறார். நம்மவரால் எஸ்டேட்டின் இரண்டாவது மெயின் ரோட்டுக்குள் விட முடியவில்லை.

எனக்குப் பொருத்தமாகப் படுவது நடுக்கணக்கு: 2 வருடம் 5 மாதம். அந்தப் பெண் பயோடேட்டாவில் நான்கு வருடம் என்று போட்டால் அது மிகை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 48 மாதம் என்பது காலண்டர் நீளம், செய்த வேலையின் அளவு அதில் பாதிக்குச் சற்று மேல். ஒரே மாதத்தில் மூன்று கஸ்டமருக்கு வேலை செய்ததை மூன்று மாதமாகக் காட்டுவதும், சம்பள வேலையில் இருந்துகொண்டே சாயங்காலம் செய்ததைத் தனி வருடமாகக் கூட்டுவதும், தனக்கு வந்த ஆர்டரை வேறொரு பையனிடம் தள்ளிவிட்டு இன்வாய்ஸ் மட்டும் தன் பெயரில் போட்டதை அனுபவமாக எண்ணுவதும் இந்த வட்டாரத்தில் நடக்காததல்ல. கொட்டேஷன் போட அலைந்த நேரமும் பணம் கேட்டு நடந்த நேரமும் வடிவமைப்பு அனுபவத்தில் சேராது; ப்ராஜெக்ட் ஒருங்கிணைப்பு வேலைக்கு விண்ணப்பித்தால் மட்டும் அதற்கு ஒரு விலை உண்டு. எண்ணும்போது கறாராக இருங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. கறாராக எண்ணுவதும் எண்ணவே மறுப்பதும் ஒன்றென்று நினைப்பதில்தான் நண்பரின் மேதைமை துலங்குகிறது.

தொடர்ச்சி, தொடர்ச்சி என்று உருகுகிறாரே, சம்பளக்காரரின் தொடர்ச்சியை அவர் இதே கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கிறாரா? கஸ்டமர் ஒப்புதல் வராமல் மூன்று வாரம் மாடலைத் திறந்துவைத்துக் காத்திருந்தது அனுபவம். ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் ஐந்து மாதம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியது அனுபவம். ஆயுத பூஜைக்கு மெஷின் துடைத்ததும் அனுபவம். இந்த நாட்களையெல்லாம் ஒரு மணி நேரம்கூடக் கழிக்காமல் சேர்ந்த தேதி முதல் விலகிய தேதி வரை நூல் பிடித்து அளக்கிறவர், 64 ஃபிக்சர் செய்தவரைப் பார்த்து இடைவெளி என்று எழுதுகிறார்.

இந்தியாவில் இப்படி எண்ணுகிற மரபு கிடையாது என்று ஒரு வரி வேறு சேர்த்திருக்கிறார். நீதிமன்றப் பக்கம் அவர் போனதே இல்லை போலிருக்கிறது. போகாமலிருப்பது நல்லதுதான், ஆனால் அரசியலமைப்பைப் புரட்டியாவது பார்த்திருக்கலாம். நாட்டிலேயே பழைய ஃப்ரீலான்ஸ்காரர் வக்கீல். அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, முதலாளி இல்லை, கட்சிக்காரர் வந்தால் வேலை, வராவிட்டால் கேன்டீன். அவரை நேரடியாக மாவட்ட நீதிபதியாக எடுக்க 233ஆம் பிரிவு ஏழு வருட வக்கீல் தொழிலைத் தகுதியாகக் கேட்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியாக்க 217ஆம் பிரிவு பத்து வருடம் கேட்கிறது. சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது மூன்று வருடம் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எப்படி எண்ணுவது என்பதையும் சேர்த்தே சொன்னது: தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து எண்ணு, பத்து வருடம் தொழிலில் இருக்கும் மூத்த வக்கீல் ஒருவர் சான்று தரட்டும், அதில் நீதித்துறை அதிகாரி மேலொப்பம் இடட்டும். தூக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரத்தையே சுயதொழில் அனுபவத்தை எண்ணி ஒருவர் கையில் ஒப்படைக்கிறது நாடு. ஃபிக்சருக்கு போல்ட் சைஸ் முடிவு செய்யும் அதிகாரம் அதைவிடப் பெரிதா?

நண்பர் செய்திருக்கும் இன்னொரு காரியம், எல்லாரையும் 'கிக்' என்ற ஒரே கோணியில் போட்டுக் கட்டியது. வடிவமைப்பாளரும், இரவில் ஓ.டி. பக்கம் சாப்பாட்டுப் பையோடு பைக்கில் போகிறவரும் அவருக்கு ஒன்று. சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020, மரபான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்கிறவரைக் கிக் தொழிலாளி என்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதன் வரைவு விதிகளில் ஒரு நாள் என்பதற்கே கணக்கு இருக்கிறது. ஒரு செயலியில் ஒரு நாளில் எவ்வளவு குறைவாகச் சம்பாதித்திருந்தாலும் அது ஒரு நாள். ஒரே நிறுவனத்தில் வருடத்துக்கு 90 நாள், பல நிறுவனமென்றால் 120 நாள் இருந்தால் நலத்திட்டத்துக்குத் தகுதி. ஒரே நாளில் மூன்று செயலியில் ஓட்டினால் மூன்று நாளாகவும் எண்ணுகிறார்கள். நலத்திட்டத்துக்கு இந்தத் தாராளம் சரி, ஆள் எடுப்புக்கு இது ஆகாது. அங்கே ஒரு நாள் ஒரு நாள்தான். டெலிவரி ஓட்டிய இரண்டு வருடம் டிசைனர் வேலைக்கு எண்ணப்பட வேண்டியதில்லை. கிடங்கிலோ வட்டார விநியோகத்திலோ மேற்பார்வையாளர் வேலைக்கு அது நேரடி அனுபவம், செயலியிலேயே நாள் வாரியாகப் பதிவும் இருக்கிறது. எந்த வேலைக்கு எந்த அனுபவம் என்று பிரிப்பதற்குத்தானே ஆள் எடுக்கிறவருக்குச் சம்பளம்?

மூன்றாவது வாதத்தில் தத்துவம் பேசுகிறார். மேலதிகாரி இல்லாமல், அப்ரைசல் இல்லாமல் வேலை செய்தவரின் தரத்தை எப்படி அறிவது என்கிறார். தனியாக வேலை செய்கிறவருக்கு எத்தனை கஸ்டமரோ அத்தனை மேலதிகாரி. அவருக்கான அப்ரைசல் ஃபாரம் இரண்டாவது பி.ஓ.தான். முதல் ஃபிக்சர் உட்காரவில்லையென்றால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தார்' என்ற கட்டத்தில் டிக் போடுகிற மென்மை அங்கே கிடையாது. ஆக, ஒரே கம்பெனியிலிருந்து எத்தனை முறை திரும்ப ஆர்டர் வந்திருக்கிறது என்று இன்வாய்ஸ் கட்டில் எண்ணிப் பார்த்தால் தரத்துக்கான முதல் சாட்சி கிடைத்துவிடும்.

அதற்கு மேலும் சந்தேகமா? கம்பெனியின் மூத்த டிசைனரை இருபது நிமிடம் கூட உட்கார வையுங்கள். நான் சொல்லும் ஒரே கேள்வி போதும். மெல்லிய சுவருள்ள அலுமினிய ஹவுசிங்; நடுவே ஒரு போர். மெஷினில் இருக்கும்போது அளந்தால் வட்டம் கச்சிதமாக இருக்கிறது, கிளாம்ப்பைத் தளர்த்தி வெளியே எடுத்து அளந்தால் முட்டை வடிவம். ஏன்? இணையத்தில் படித்து வந்தவர் டூல் தேய்மானம், மெஷினின் துல்லியம் என்று சுற்றுவார். செய்து பட்டவர் உடனே கேட்பார், கிளாம்ப் எங்கே அழுத்துகிறது, அதற்கு நேர் கீழே ரெஸ்ட் பேட் இருக்கிறதா என்று. தாங்குதல் இல்லாத சுவரில் கிளாம்ப் அழுத்தினால் பீஸ் வளையும். வளைந்த நிலையிலேயே போர் வட்டமாக வெட்டப்படும். பிடி விட்டதும் சுவர் பழைய இடத்துக்குத் திரும்ப, வட்டம் கோணும். கிளாம்ப்பை ரெஸ்டுக்கு நேர் மேலே நகர்த்த வேண்டும், முடியாவிட்டால் கடைசி வெட்டுக்கு முன் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, 'அந்த டிராயிங் ரெவ் சி வரைக்கும் போச்சு சார்' என்று அவர் தலையைச் சொறிந்தால், ரெவ் பி ஏன் சரியாகவில்லை என்று கேளுங்கள். வரைபடத்தைக் காட்ட ரகசிய ஒப்பந்தம் தடுக்கலாம், தப்பு எங்கே நடந்தது என்று சொல்வதை எந்த ஒப்பந்தமும் தடுப்பதில்லை. அந்தத் தப்பை யாரும் வாடகைக்கு எடுத்துவர முடியாது.

தனியாக வேலை செய்தவருக்கு வராத பழக்கங்கள் உண்டு, அதை மறைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. தன் வரைபடத்தை இன்னொருவர் செக் செய்து சிவப்பு மையால் கிழிப்பது, பத்துப் பேர் தொடும் ஃபைலில் யார் எதை மாற்றினார் என்று ஒழுங்காகப் பதிவது, இரண்டு ஜூனியர்களை மேய்ப்பது இவையெல்லாம் வீட்டு மேசையில் கற்பதற்கு வாய்ப்புக் குறைவு. டீம் லீடர் வேலையென்றால் இதற்காகக் கழித்துக்கொள்ளுங்கள், டிசைனர் வேலையென்றால் கழிக்காதீர்கள். நண்பரின் நான்கு பக்கத்தில் இந்த நியாயமான குறை எங்குமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கண்ணெதிரே கிடந்த ஒரே நல்ல வாதத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பொறுக்கிவந்திருக்கிறார்.

ஏனென்றால் அவருக்கு வேண்டியது வாதமல்ல, சம்பளக் கட்டம். மூன்று வருட டூல் ரூம் அனுபவத்தோடு 2 வருடம் 5 மாதத்தைச் சேர்த்தால் அந்தப் பெண் ஐந்து வருடத்தைத் தாண்டிய கட்டத்துக்குப் போய்விடுவார். பூஜ்யம் என்றால் மூன்று வருடக் கட்டம். 'இடையில் நான்கு வருட கேப்' என்று பேரம் பேசினால் அதற்கும் கீழே தள்ளலாம். ஒதுக்கிய பட்ஜெட்டுக்குக் குறைவாக ஆளைப் பிடித்தார் என்று யாருக்குப் பாராட்டு கிடைக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? அந்தப் பெண்ணின் வருமானவரி ரிட்டர்னைக் கேட்டு வாங்கி, அதில் 4,50,000 என்றிருப்பதைப் பார்த்து, 'உங்க பழைய வருமானமே இவ்வளவுதானே' என்பதும் இந்த விளையாட்டின் பகுதி. 44ஏடிஏ பிரிவில் கணக்குக் காட்டுகிறவர் மொத்த வரவில் பாதியை வருமானம் என்று காட்டலாம். வரவு 9,00,000 என்றால் ரிட்டர்னில் 4,50,000. நண்பருக்கு இது தெரியாதா? தெரியாதென்றால் ரிட்டர்ன் கேட்கும் தகுதி அவருக்கு இல்லை. தெரிந்தே பேசினால் அதற்குப் பெயர் வேறு.

இதையெல்லாம் நான் ஊகமென்றே ஒப்புக்கொண்டிருப்பேன், குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் அவர் தாமாகவே ஒரு பெருமையை அடித்துவிடாமல் இருந்திருந்தால். தங்கள் கம்பெனி வெளிநாட்டுக் கஸ்டமருக்கு 'சராசரி ஆறு வருட அனுபவமுள்ள குழு'வைத் தருகிறதாம். வடிவமைப்புச் சேவைத் தொழிலில் கஸ்டமருக்கு மணிக்கணக்கில்தான் பில் போடுவார்கள், அந்த விலை அனுபவத்தைப் பொறுத்து ஏறும். அந்தச் சராசரியைப் போடும்போது, குழுவில் உள்ள முன்னாள் ஃப்ரீலான்ஸ்காரர்களின் வருடங்களைப் பூஜ்யமாகத்தான் வைத்தாரா? கஸ்டமருக்குப் போன பயோடேட்டாக்களையும் அவர்களுடைய சம்பளக் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் இந்தப் பத்தியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விற்கும்போது ஐந்தரையாகவும் வாங்கும்போது மூன்றாகவும் அதே மனிதர் இருந்தால், எண்ணத் தெரியவில்லை என்ற புலம்பலை அவர் வேறு எங்காவது வைத்துக்கொள்ளட்டும். இரண்டு விதமாக எண்ணத் தெரிந்தவர் அவர்.

நான்காவது பக்கத்தில் ஒரு சமரசமும் முன்வைக்கிறார். கடைசியாக வேலை செய்த இடத்திலிருந்து, முறையான லெட்டர்ஹெட்டில், செய்த வேலையையும் காலத்தையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிவந்தால் 'பரிசீலிக்கலாம்' என்கிறார். நான் உதாரணமாகச் சொன்ன பெண்ணைப் போல இந்த வட்டாரத்தில் பலரின் கடைசிக் கஸ்டமர் எஸ்டேட்டில் இருக்கும் இதே மாதிரியான கம்பெனிகள்தான். நண்பரின் சப்ளையர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மேனாம்பேட்டு முகவரிகள் இல்லாமலா போகும்? அவர்களில் ஒருவர் நாளை அவரிடம் வேலைக்கு விண்ணப்பித்தால், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவருடைய சொந்த பர்ச்சேஸ் மேனேஜர். பி.ஓ. எண், ஃபிக்சர் எத்தனை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அச்சடித்து முத்திரை குத்தப் பத்து நிமிடம் ஆகும்.